விளக்கைச் சுற்றி வெள்ளைப் புகை

கேள்வி: செல்லூரில் வடைக் கடை வைத்திருக்கிறேன். தெப்பத் திருவிழா இரவில் வண்டியூர் தெப்பக்குளத்தில் போனில் எடுத்த படங்கள் எல்லாம் பனி மூடியதுபோல இருக்கின்றன. விளக்குகளிலிருந்து மேலும் கீழுமாக ஒளிக்கோடு ஓடுகிறது. பகல் படங்கள் பரவாயில்லை. பழுது பார்ப்பவர் கேமராவை மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: பணத்தை எடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அந்த ஒளிக்கோடே ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. லென்ஸின் மேல் எண்ணெய் படிந்திருக்கிறது. அதை நீங்கள் விரலால் குறுக்கே தேய்த்திருக்கிறீர்கள்.

போனைச் சாய்த்து, டியூப்லைட் வெளிச்சம் லென்ஸ் கண்ணாடியில் பட்டுத் திரும்பும்படி பிடித்துப் பாருங்கள். மெல்லிய வரிவரியாக ஒரு பூச்சு தெரியும். ஒளி அந்த வரிகளுக்குச் செங்குத்தான திசையில் சிதறும். குறுக்கே தேய்த்தால் கோடு நெடுக்காக விழுவது அதனால்தான். சந்தேகமிருந்தால் இப்போது மேலிருந்து கீழாகத் தேய்த்துவிட்டு ஒரு பல்பைப் படமெடுங்கள், கோடு படுத்துக்கொள்ளும். கேமராவே பழுதென்றால் இப்படித் திசை மாறாது.

எண்ணெய்ப் பூச்சு படத்தில் கறையாக விழாததற்குக் காரணம் உண்டு. அது லென்ஸை ஒட்டியே இருப்பதால் கேமராவால் அதைக் குவித்துக் காட்ட முடியாது. விளக்கிலிருந்து வரும் ஒளியில் கொஞ்சத்தைப் படம் முழுக்க இறைத்துவிடும். கறுப்பாக இருக்க வேண்டிய வானமும் தண்ணீரும் சாம்பல் நிறமாகிவிடும். பகலில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் இந்த இழப்பு கண்ணில் படாது. சூரியனை நோக்கி எடுத்தால் பகலிலும் பல்லைக் காட்டும்.

துடைப்பதிலும் முறை இருக்கிறது. முதலில் தூசியைத் தட்டுங்கள். மென்மையான, உலர்ந்த தூரிகை போதும். மணல்துகள் இருக்கும்போதே அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழலாம், அதற்கு மருந்தில்லை. பிறகு மூக்குக்கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியில், மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்கும் லென்ஸ் திரவத்தை ஓரிரு சொட்டு விடுங்கள். லென்ஸின் மேல் நேராகத் தெளிக்க வேண்டாம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமாகத் துடைத்து, துணியின் உலர்ந்த பகுதியால் முடியுங்கள். மற்றவர்களுக்கு வாயால் ஊதிய ஆவியே போதும். அடுப்படி எண்ணெய்க்கு அது போதாது, எண்ணெயை இடம் மாற்றித்தான் வைக்கும்.

தோள் துண்டும் சட்டை நுனியும் ஆகாது. கடையில் நிற்கும் உங்கள் துண்டில் எண்ணெய் இல்லை என்று நீங்களே சொல்ல மாட்டீர்கள். பற்பசை வைத்தியத்தை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதிலுள்ள துகள் கண்ணாடியின் மேற்பூச்சை உரித்துவிடும். மைக்ரோஃபைபர் துணியையும் அவ்வப்போது சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். துணியை மணமூட்டி மென்மையாக்கும் திரவம் சேர்க்கக் கூடாது, அதுவே ஒரு படலமாக லென்ஸில் ஒட்டும்.

லென்ஸின் மேல் தனியாகப் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இடையில் ஆவி புகுந்திருந்தால் வெளியே எவ்வளவு துடைத்தும் பயனில்லை. இத்தனைக்கும் பிறகு மங்கல் அப்படியே நின்று, டார்ச் அடித்தால் கண்ணாடிக்கு உட்புறம் நீர்த்திவலை தெரிந்தால், அப்போது பழுது பார்ப்பவரிடம் போகலாம்.