மிளகின் மேல் வெள்ளை: படம் பார்த்துச் சொல்லும் கேள்வி பதில்

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: ஐயா, போன வாரம் வாங்கின அரைக் கிலோ மிளகுல வெள்ளையா என்னமோ படிஞ்சிருக்கு. படம் போட்டிருக்கேன். பூசணமா, வெறும் தூசியா?

அம்மா, மிளகின் மேல் தெரியும் வெள்ளை மூன்று வகை. சாக்கில் ஒன்றோடொன்று உரசி உண்டாகும் பொடி முதல் வகை. அது சுருக்கங்களின் மேட்டில் படியும், எல்லா மணியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இரண்டாவது, தோல் பெயர்ந்த இடம். உள்ளிருக்கும் வெள்ளை மிளகுதான் அங்கே எட்டிப் பார்க்கிறது. வழவழப்பாக, விளிம்பு தெளிவாக, மெல்லிய கோடுகளோடு இருக்கும். இவை இரண்டாலும் கெடுதல் இல்லை. மூன்றாவதுதான் பூசணம். அது மேட்டை விட்டுவிட்டுப் பள்ளத்தில் உட்காரும். காம்பு ஒட்டியிருந்த வடுவைச் சுற்றி அதிகம் இருக்கும். ஒரு மணியில் நிறைய, பக்கத்து மணியில் ஒன்றுமே இல்லை என்று திட்டுத் திட்டாக வரும். சில மணிகள் நூலாம்படை போட்டதுபோல ஒட்டிக்கொண்டும் இருக்கும்.

உங்கள் படத்தில் வெள்ளை பள்ளத்தில்தான் தெரிகிறது. ஆனால் ஃப்ளாஷ் போட்டு எடுத்திருப்பதால் மேடும் பள்ளமும் தட்டையாகிவிட்டன. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மேலிருந்து மட்டும் அள்ளாமல், பையின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் சேர்த்து இருபது மணி எடுங்கள். வெள்ளைத் தாளில் பரப்பி, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து ஒரு படம். பிறகு காய்ந்த டிஷ்யூவில் உருட்டித் துடைத்து இன்னொரு படம். கடைசியாக ஒவ்வொன்றையும் கத்தியால் இரண்டாகப் பிளந்து மூன்றாவது படம். அதுவரை தண்ணீர் படக் கூடாது. நனைந்தால் பூசணம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். நல்ல மிளகு மாதிரியே படம் விழும்.

அதே வாசகி: நீங்க சொன்ன மாதிரி மூணு படமும் எடுத்துட்டேன். பாருங்க.

இப்போது தெளிவாக இருக்கிறது. துடைத்த பிறகு பதினான்கு மணி சுத்தமாகிவிட்டன, ஆறில் மட்டும் வெள்ளை பள்ளத்திலேயே இழுபட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிளந்த படம்தான் முக்கியம். நல்ல மிளகின் உள்ளே வெளிர் மாவு, நடுவில் சின்னக் குழி இருக்கும். உங்கள் மணிகளில் மூன்றில் அந்தக் குழிக்குள் சாம்பல் பச்சையாகப் பொடி அடைத்திருக்கிறது. பூசணம் உள்ளே போய்விட்டது. அரைக் கிலோவையும் விட்டுவிடுங்கள். படத்தையும் பையின் லேபிளையும் கடைக்காரரிடம் காட்டிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

செந்தூல் வாசகர்: அண்ணே, கழுவி ரெண்டு நாள் நல்லா வெயில்ல காய வெச்சா போதுமே. எங்க பாட்டி காலத்திலேர்ந்து அப்படித்தான்.

கழுவினால் போவது கண்ணுக்குத் தெரியும் பூசணம். சில பூசணங்கள் விடும் நஞ்சு மணிக்குள் ஊறியிருக்கும். மிளகில் பயப்பட வேண்டியவை அஃப்ளாடாக்சினும் ஓக்ராடாக்சினும். வெயில் அவற்றைப் போக்காது, வறுத்தாலும் சமைத்தாலும் முழுதாக அழியாது. படத்திலும் அவை தெரியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். பாட்டி வெயிலில் போட்டது ஈரம் ஏறாமல் தடுக்க. அது சரியான வழக்கம். பூசணம் வந்த பிறகு அதைச் செய்வது வேறு கதை.

பட்டர்வொர்த் வாசகர்: இவ்வளவு எதுக்கு? தண்ணியில போடுங்க. மிதந்தா பப்பாளி விதை, மூழ்கினா மிளகு. முடிஞ்சது.

பாதி சரி. காய்ந்த பப்பாளி விதை மிதக்கும், உண்மைதான். ஆனால் பொக்கு மிளகும் மிதக்கும். முற்றாமல் பறித்து உள்ளே மாவு பிடிக்காத காய் அது. தரம் குறைவு, கலப்படம் அல்ல. நல்ல மிளகிலும் சுருக்கங்களில் காற்று தங்கி முதலில் சில மிதக்கும், கிளறிவிட்டால் இறங்கிவிடும்.

பட்டர்வொர்த் வாசகர்: நான் போட்டதுல கால்வாசி மிதந்துச்சு. அப்போ கால்வாசி பப்பாளி விதைன்னுதானே அர்த்தம்?

இல்லை. மிதந்ததை எடுத்துக் காயவைத்து உருவத்தைப் பாருங்கள். மிளகு உருண்டை, சுருக்கம் வலைபோல எல்லாப் பக்கமும் ஓடும். பப்பாளி விதை சற்று நீள்வட்டம், பெரும்பாலும் ஒரு முனை குறுகியிருக்கும். சந்தேகம் இருந்தால் பிளந்து பாருங்கள். பொக்கு மிளகு வெறும் கூடு. பப்பாளி விதையில் மெல்லிய ஓட்டுக்குள் தட்டையான வெள்ளைப் பருப்பு இருக்கும்.

கெப்போங் வாசகி: இவர் சொல்றது சரி. எங்க வீட்டுல சரவாக் மிளகுதான், அதிலேயும் கொஞ்சம் மிதக்கும். பப்பாளி இல்ல. ஆனா ஐயா, கால்வாசி மிதக்கிறது ரொம்ப அதிகம் இல்லையா?

அதிகம்தான். பப்பாளி விதை இல்லாவிட்டாலும் அது கடைசித் தர மிளகு, நல்ல மிளகின் விலைக்கு வாங்கக் கூடாது. பட்டர்வொர்த் ஐயா பிளந்து படம் போட்டால் இரண்டில் எது என்று சொல்லலாம்.

பட்டர்வொர்த் வாசகர்: எல்லாத்தையும் கொட்டிட்டேன் ஐயா. ஆனா எனக்கு இன்னும் பப்பாளின்னுதான் தோணுது.

கொட்டியதைப் பற்றி இனி யாராலும் சொல்ல முடியாது. அடுத்த முறை பிளந்த படம் எடுத்த பிறகு கொட்டுங்கள்.

ஜெலுத்தோங் வாசகர்: மிளகாய்த் தூள் படம் போட்டா கலப்படம் கண்டுபிடிப்பீங்களா?

தூளைப் படத்தில் சொல்ல முடியாது. இங்கே முழு மசாலா மட்டும்.

அம்பாங் வாசகி: ஐயா இது பூசணமா பாருங்க.

ஃப்ளாஷ் படம், அதுவும் போத்தலுக்கு வெளியிலிருந்து. பிரிக்பீல்ட்ஸ் அம்மாவுக்குச் சொன்னதைப் படித்து, மூன்று படம் எடுத்துப் போடுங்கள்.

கிளாங் லாமா வாசகர்: என் மிளகு பளபளன்னு கறுப்பா இருக்கு. நல்ல தரம்தானே?

பளபளப்பு தரம் அல்ல. பளபளக்கவும் பூசணம் தெரியாமல் இருக்கவும் கனிம எண்ணெய் தடவுவது உண்டு. 2012-இன் கடைசியில் கொச்சியில் கிடங்குக் கிடங்காக மிளகை அதிகாரிகள் முத்திரையிட்டது இதற்காகத்தான். உடையாத மணிகளை டிஷ்யூவில் மடித்து, மேலே கனமான எதையாவது வைத்து ஓர் இரவு விடுங்கள். முழு மணி எண்ணெய்க் கறை விடக் கூடாது.

பாலிக் பூலாவ் வாசகி: கிராம்புல பாதிக்குத் தலையே இல்ல. எண்ணெய் எடுத்த சக்கையா?

தலை உதிர்வது பெரும்பாலும் மூட்டையைக் கையாளும்போது. அதை வைத்துச் சக்கை என்று சொல்ல முடியாது. தண்டை நகத்தால் அழுத்துங்கள். நல்ல கிராம்பில் கீறிய இடத்தில் எண்ணெய் மினுங்கும், நாக்கில் வைத்தால் மரத்துப்போகும். சக்கை சுருங்கிக் காய்ந்து, நகம் பட்டதும் பொடியும். அழுத்திய இடத்தைக் கிட்டத்தில் படமெடுத்துப் போட்டால் போதும்.

புக்கிட் மெர்தாஜாம் வாசகர்: மசாலாவ ஐஸ்பெட்டியில வெச்சா பூசணம் வராதுல்ல?

அடிக்கடி திறக்கும் போத்தலை வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் உள்ளே வியர்க்கும், அந்த ஈரம்தான் பூசணத்துக்கு வழி. கொதிக்கும் சட்டிக்கு மேலே பிடித்து மிளகு தட்டுவதும் அதே தவறு.

செந்தூல் வாசகர்: இன்னும் ஒண்ணு அண்ணே. ஏலக்காய் எல்லாம் ஒரே மாதிரி அழுத்தமான பச்சை. சாயமா?

இதைப் படத்தில் முடிவு செய்ய முடியவில்லை. பச்சை நிறம் மங்காமல் இருக்க உலர்த்தும் முன் சோடாக் கரைசலில் சற்று நேரம் ஊறவைப்பது ஏலத் தோட்டங்களில் தெரிந்த முறை. அப்படிச் செய்த காயும் இதே போல இருக்கும். ஈரப் பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பச்சையானால் சாயம். ஆகாவிட்டால் சாயமே இல்லை என்று உறுதி சொல்ல முடியாது. ஐந்து காயைப் பிரித்து விதையையும் படமெடுங்கள். முற்றிய காயில் விதை கரும்பழுப்பாக, ஒட்டலாக, நிறைந்திருக்கும். வெளியே இவ்வளவு பச்சையும் உள்ளே வெளிறிய பிஞ்சு விதையுமாக இருந்தால், சாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுத்த விலைக்குத் தகாது.