17,089 ரூபாய்தான் தவணை. முதல் மாதம் ஏன் 20,925?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. தம்பி லோடு ஆட்டோ வாங்க, என் பெயரில் 5 லட்சம் பர்சனல் லோன் எடுத்தேன். 14% வட்டி, 36 மாதம், இஎம்ஐ 17,089. ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை, தம்பி கேட்ட அன்றே, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஓடிபி கொடுத்து ஒப்பந்தம் முடிந்தது. 18-ல் பணம் வந்தது. முதல் தவணை ஆகஸ்ட் 5. கணக்கில் 18,000 வைத்திருந்தேன். 20,925 கேட்டு ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? வண்டி வந்ததே ஜூலை 12-ல்தான். இப்போது பாடி கட்ட இன்னும் 2 லட்சம் கேட்கிறான். செயலியில் டாப்-அப் தயாராக இருக்கிறது, முதல் தவணை அக்டோபரில்தானாம். எடுக்கலாமா?

பதில்: முதலில் தவணையைக் கட்டிவிடுங்கள். இந்தக் கடிதத்தைப் படிக்கும் நாளிலேயே, கடன் நிறுவனம் அனுப்பியிருக்கும் இணைப்பு வழியாக 20,925 முழுவதையும் செலுத்துங்கள். அதில் கொஞ்சம் பணம் உங்களுக்குத் திரும்பி வர வேண்டியது. ஆனால் அந்தச் சண்டையைத் தவணை பாக்கி வைத்துக்கொண்டு போடக்கூடாது. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் உங்கள் சிபில் பதிவில்தான் ஏறும்.

இனி அந்தக் கூடுதல் தொகைக்கு வருவோம். உங்கள் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டில் BPI என்று ஒரு வரி இருக்கும். புரோக்கன் பீரியட் வட்டி என்பதன் சுருக்கம் அது. சில நிறுவனங்கள் இதையே 'பிரீ-இஎம்ஐ வட்டி' என்று எழுதுகின்றன. வீட்டுக் கடனில் கட்டடம் எழும்போது கட்டும் பிரீ-இஎம்ஐ வேறு. அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

17,089 என்ற இஎம்ஐ ஒரு தவணைத் தேதிக்கும் அடுத்த தவணைத் தேதிக்கும் நடுவே சரியாக ஒரு மாதம் என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்கள் தவணைத் தேதி 5. ஆகஸ்ட் 5-ல் கட்டும் முதல் இஎம்ஐ, ஜூலை 5 முதல் ஆகஸ்ட் 5 வரையுள்ள மாதத்துக்கான வட்டியை மட்டும்தான் சுமக்கிறது. பணம் உங்கள் கைக்கு வந்ததோ ஜூன் 18. அன்றிலிருந்து ஜூலை 5 வரை 17 நாட்கள் எந்த இஎம்ஐ-யிலும் அடங்காமல் நிற்கின்றன. அந்த நாட்களுக்குத் தனியாகப் போடும் வட்டிதான் இது.

5 லட்சத்துக்கு 14% என்றால் வருடத்துக்கு 70,000. 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 192 ரூபாய். இந்த 192-ஐ எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடங்களில் தேவைப்படும். 17 நாளுக்கு 3,260 ரூபாய். இஎம்ஐ-யோடு கூட்டினால் 20,349. இந்த அளவுக்கு அவர்கள் கேட்டது நியாயமே. உங்களிடம் இருந்த பணத்துக்கான வட்டிதான்.

அவர்கள் கேட்டதோ 20,925. இஎம்ஐ-யைக் கழித்தால் மீதி 3,836. அதை 192-ஆல் வகுத்துப் பாருங்கள்: 20 நாள் வருகிறது. ஜூலை 5-லிருந்து 20 நாள் பின்னால் எண்ணினால் ஜூன் 15, நீங்கள் ஓடிபி கொடுத்த ஞாயிற்றுக்கிழமை. பணம் அவர்களிடமே இருந்த மூன்று நாட்களுக்கும் சேர்த்து உங்களிடம் வட்டி வாங்கியிருக்கிறார்கள். 576 ரூபாய். தொகை சிறியதுதான், ஆனால் கேட்க வேண்டியது. ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தோ அனுமதி கிடைத்த நாளிலிருந்தோ வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி தன் ஆய்வுகளில் கண்டுபிடித்து, 2024 ஏப்ரல் 29-ல் வெளியிட்ட சுற்றறிக்கையில் நியாயமற்ற நடைமுறை என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. வட்டி ஓட வேண்டியது பணம் உண்மையில் விடுவிக்கப்பட்ட நாளிலிருந்துதான். ஆகவே உங்கள் வங்கி ஸ்டேட்மென்ட்டில் ஜூன் 18 வரவு தெரியும் பக்கத்தை இணைத்து, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். '17 நாளுக்கு 3,260, நீங்கள் எடுத்தது 3,836, வித்தியாசத்தைத் திருப்புங்கள்' என்று மூன்று வரி போதும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். பவுன்ஸ் கட்டணத்தை மட்டும் அவர்கள் தலையில் போட முடியாது. சரியான கணக்குப்படி 20,349 கேட்டிருந்தாலும் உங்கள் 18,000 போதியிருக்காது.

கட்டி முடித்ததும் இன்னொன்றைச் சரிபாருங்கள். முதல் இஎம்ஐ-யில் ஒரு மாத வட்டி 5,833. அசலுக்குப் போவது 11,256. ஆகவே தவணைக்குப் பின் அசல் பாக்கி 4,88,744 என்று காட்ட வேண்டும். புரோக்கன் பீரியட் வட்டி அசலை ஒரு ரூபாய்கூடக் குறைக்காது, கூட்டவும் கூடாது. சில கடன்களில் அந்த 3,260-ஐத் தனியாக வாங்காமல் அசலோடு சேர்த்துவிடுகிறார்கள். அப்போது முதல் மாதம் அதிர்ச்சி இருக்காது. மாதா மாதம் 111 ரூபாய் கூடும், 36 மாதத்தில் 3,260 என்பது ஏறக்குறைய 4,000 ரூபாய் ஆகிவிடும். வேறு சிலர் கடன் தொகையிலேயே முன்கூட்டிப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். எந்த வழியாக இருந்தாலும் நாள் கணக்கு ஒன்றுதான்.

உங்களுக்கு நடந்ததற்கு நேரெதிரான ஒரு நிலையும் உண்டு. இதே ஜூன் 18-ல் பணம் வந்து முதல் தவணை ஜூலை 5 என்று வைத்திருந்தால், 17 நாளுக்கான 3,260 மட்டுமே அந்தத் தவணையின் வட்டியாக இருக்க வேண்டும். முழு மாத வட்டி 5,833 போட்டால் 2,573 ரூபாய் அதிகம் வாங்குகிறார்கள் என்று பொருள். மாதத்தின் நடுவில் கொடுத்த கடனுக்கு முழு மாத வட்டி போடுவதும் அதே சுற்றறிக்கையில் கண்டிக்கப்பட்டிருக்கிறது. தவணைத் தொகை மாறாமல் இருப்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை. தவணை அட்டவணையின் முதல் வரியில் வட்டிக் கட்டத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நிறுவனத்தின் பங்கு அவ்வளவுதான். எனக்குக் கவலை தருவது அந்த 576 அல்ல. உங்கள் கடிதத்தில் 'வண்டி வந்ததே ஜூலை 12-ல்தான்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அது.

ஜூன் 18-லிருந்து ஜூலை 12 வரை 24 நாள் அந்த 5 லட்சம் ஒரு வேலையும் செய்யவில்லை. நாளுக்கு 192 வீதம் 4,600 ரூபாய் வட்டி ஓடியிருக்கிறது. டெலிவரிக்கு ஐந்து நாள் முன்னால், ஜூலை 7 வாக்கில் பணம் டீலருக்குப் போயிருந்தால் போதாதா? அப்படி விடுவித்திருந்தாலும் முதல் தவணை பெரும்பாலும் இதே ஆகஸ்ட் 5-ஆகத்தான் இருந்திருக்கும். நடுவில் 29 நாள்தான். புரோக்கன் பீரியட் என்ற வரியே வந்திருக்காது, கணக்கில் வைத்த 18,000-மும் போதியிருக்கும். (எந்தத் தேதிக்குப் பின் கொடுக்கும் கடனுக்குத் தவணை ஒரு மாதம் தள்ளிப்போகும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 15, 20 என்று ஏதோ ஒரு தேதி வைத்திருப்பார்கள். கையெழுத்துக்கு முன் அதைக் கேளுங்கள்.) தம்பி கேட்ட ஞாயிற்றுக்கிழமையே, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓடிபி கொடுத்துவிட்டீர்கள். பணம் எந்தத் தேதிக்குத் தேவை என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் இந்தப் பழக்கம்தான் உங்களுக்குச் செலவு வைக்கிறது. இப்போது அதையே இன்னொரு முறை செய்யப் போகிறீர்கள்.

'இப்போது வாங்குங்கள், இரண்டு மாதம் கழித்துக் கட்டுங்கள்' என்ற விளம்பரங்களைப் பார்த்தாலே எனக்குப் பொறுமை போய்விடும். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு விடுமுறை கிடையாது. தவணை எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு நாள் வட்டி முதல் தவணையின் தலையில் வந்து உட்காரும்.

உங்கள் டாப்-அப்பையே எடுத்துக்கொள்வோம். அது தனிக் கடனா, அல்லது பழைய கடனை முடித்துவிட்டு மொத்தமாகப் புதுக் கடனா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது வகை என்றால், பாக்கி 4,88,744-ம் புது 2 லட்சமும் சேர்ந்து 6,88,744 ஆகும். இதற்கு நாள் வட்டி 264. ஆகஸ்ட் 18-ல் பணம் வந்து முதல் தவணை அக்டோபர் 5 என்றால், செப்டம்பர் 5 வரையுள்ள 18 நாளுக்கு 4,755 ரூபாய் மறுபடியும் முதல் தவணையோடு சேரும். உங்கள் தம்பிக்குத் தேவை 2 லட்சம். புரோக்கன் பீரியட் வட்டி கணக்காவதோ ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான தொகைக்கு. பிராசசிங் கட்டணமும் மொத்தத்துக்கா, கூடுதல் தொகைக்கு மட்டுமா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

ஆகவே டாப்-அப் இப்போது வேண்டாம். தம்பியிடம் பாடி கட்டும் பட்டறையின் கொட்டேஷனை எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்கள்: மொத்தம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில் என்று. பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் வேலை நடக்க நடக்கத்தான் பணம் வாங்குவார்கள். 2 லட்சமும் ஒரே நாளில் தேவைப்பட வாய்ப்பு குறைவு. வண்டி ஜூலை 12-லிருந்து கையில் இருக்கிறது. திறந்த பாடியோடு இப்போதே ஓட்டக்கூடிய லோடுகளை ஓட்டி, வரும் பணத்தில் செப்டம்பர் 5 தவணையை அவரே 3-ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் போடட்டும். அக்டோபரிலும் அப்படிப் போட்டால், பிறகு கூடுதல் கடன் பற்றிப் பேசலாம்.

அப்போதும் கடன் தேவைப்பட்டால், ஓடிபி கொடுக்கும் முன், கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்டைத் திறந்துவிடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் சில்லறைக் கடன்களுக்கெல்லாம் அது கட்டாயம்; தவணை எப்போது தொடங்குகிறது என்பதும், தவணை அட்டவணையும் அதில் இருக்க வேண்டும். அட்டவணையின் முதல் வரியில் தேதியையும் தொகையையும் பாருங்கள். தொகை இஎம்ஐ-யை விட அதிகம் என்றால் கூடுதலாக இருப்பதை நாள் வட்டியால் வகுத்து, எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். பணத்தை விடுவிக்கும் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கலாம்; ஸ்டேட்மென்ட்டில் சொன்ன நிபந்தனைகள் குறைந்தது மூன்று வேலை நாளுக்குச் செல்லும். அதனால் ஞாயிற்றுக்கிழமையே முடித்தாக வேண்டும் என்று யார் அவசரப்படுத்தினாலும் புதன்கிழமை வரை காத்திருக்கச் சொல்லுங்கள், அது தம்பியாக இருந்தாலும்.