எக்ஸாம் கேன்சல் பண்ணினா காசு திரும்ப வருமா?

கேள்வி: சனிக்கிழமை ஏடபிள்யூஎஸ் எக்ஸாம் புக் பண்ணிட்டன், போக ஏலாது போல கிடக்கு, காசு திரும்ப வருமா?

24 மணித்தியாலத்துக்கு முதல் கேன்சல் பண்ணினா வரும். ஏடபிள்யூஎஸ் எக்ஸாம நடத்துற பியர்சன் வியூல இதுதான் கணக்கு, பிந்தினா முழுக்காசும் போயிடும். ஏனெண்டா உங்கட கதிரை உங்களுக்கெண்டே பூட்டிக் கிடக்கும், கடைசி நேரத்தில விட்டா வேற ஆள் எடுக்க நேரமில்ல, வெளிக்கிட்டுப் போன கொழும்பு பஸ்ஸில வெறும் சீட் மாதிரி.

மட்டக்களப்பு ஆக்கள் மாட்டுறது இங்கதான். கொழும்பு சென்டர்ல சனி விடிய 10 மணிக்கு எக்ஸாம் எண்டா கெடு வெள்ளி விடிய 10 மணி, நாம பஸ் ஏறுறது வெள்ளி இரவு, அதால பஸ் தவறினது தெரியக்குள்ளயே கெடு முடிஞ்சு போயிருக்கும். வியாழன் இரவே காய்ச்சல் மாதிரி இருந்தா அப்பவே அக்கவுண்டுக்குள்ள போய் Reschedule அமத்துங்க, கேன்சல் பண்ணத் தேவையில்ல, அதே காசு புதுத் திகதிக்குப் போகும், ஆனா ஒரு புக்கிங்க ரெண்டு தரம்தான் மாத்தலாம். வவுச்சரால கட்டியிருந்தா அதுட காலாவதித் திகதியையும் பாருங்க, கேன்சல் பண்ணினா கையில காசு வராது.

கனபேர் நினைக்கிற மாதிரி மாத்துறதெண்டா தம்பிக்கோ கூட்டாளிக்கோ குடுக்கிறதில்ல, திகதியத்தான் மாத்தலாம், புக்கிங்ல உள்ள பேரும் அடையாள அட்டையில உள்ள பேரும் ஒண்டா இருக்கோணும்.