பால் நிறம் ஏன் போகவில்லை? சுண்ணாம்பு நீர் பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. கார்பன் டை ஆக்சைடு செலுத்தியதும் சுண்ணாம்பு நீர் பால்போல் ஆகிறது, மேலும் செலுத்தினால் தெளியவேண்டும், பலருக்குத் தெளியவில்லை. கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

பால்போல் ஆவதற்கும் தெளிவதற்கும் சமன்பாடு மட்டும் போதும்.

இதோ:

Ca(OH)₂ + CO₂ → CaCO₃ + H₂O

CaCO₃ + CO₂ + H₂O ⇌ Ca²⁺ + 2HCO₃⁻

இரண்டாவதில் இருபுறமும் அம்பு இருப்பதைக் கவனியுங்கள். விடைத்தாளில் அதை ஒற்றை அம்பாக எழுதுகிறவர்கள்தான் பிறகு "ஏன் தெளியவில்லை" என்று கேட்கிறார்கள். கால்சியம் பைகார்பனேட் என்று திடப்பொருளாக எதையும் குப்பியில் எடுத்துக் காட்ட முடியாது. அது கரைசலில் அயனிகளாக மட்டுமே இருக்கும். நீரை ஆவியாக்கினால் கையில் மிஞ்சுவது மறுபடியும் கார்பனேட்தான்.

சலவைக்கல்லில் அமிலம் விட்டுக் கிடைத்த வாயுவை 25 மில்லி சுண்ணாம்பு நீரில் பத்து நிமிடம் செலுத்தினேன். பால் நிறம் சற்று மங்கியதே தவிர, தெளியவில்லை. வாயு போதவில்லையா?

போதாமல் இல்லை. உங்கள் சுண்ணாம்பு நீர் கெட்டியாக இருக்கிறது. பாடநூல்கள் பலவற்றில் "அதிகப்படியான வாயுவைச் செலுத்தினால் தெளியும்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, எந்தச் செறிவுள்ள சுண்ணாம்பு நீர் என்று சொல்லாமல் விடுகிறார்கள். நெடுநாளாக எனக்கு இதில் எரிச்சல் உண்டு. செறிவைச் சொல்லாத வரை "அதிகப்படியான" என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

அறை வெப்பநிலையில் தெவிட்டிய சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 1.6 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுமார் 22 மில்லிமோல் கால்சியம் இருக்கும். இந்தக் கால்சியம் முழுவதும் பைகார்பனேட்டாகக் கரைந்திருந்தால்தான் குழாய் தெளியும். ஆனால் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் தூய கார்பன் டை ஆக்சைடே மேலே இருந்தாலும், 25 டிகிரியில் கால்சைட்டாகப் படிந்த கார்பனேட்டில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிமோல்தான் கரையும். 22-ல் 9 கரைந்தால் மீதி எங்கே போகும்? படிவாகவே நிற்கும். ஒரு மணி நேரம் குமிழியிட்டாலும் அந்த எல்லை நகராது.

இன்னொரு கொடுமை: கரையக்கூடிய கால்சியம் வாயு அழுத்தத்தின் கனமூலத்தைப் பொறுத்தே கூடுகிறது. அழுத்தத்தை எட்டு மடங்காக்கினால் கால்சியம் இரண்டு மடங்குதான் ஆகும். ஆகவே இன்னும் வாயு, இன்னும் வாயு என்று முயல்வதைவிடத் தண்ணீர் சேர்ப்பது மேல்.

வேலை செய்யும் அளவு இது. தெளிந்த சுண்ணாம்பு நீர் 10 மில்லி, கொதிக்கவைத்து மூடி ஆறவைத்த வாலைவடிநீர் 30 மில்லி. கால்சியம் இப்போது லிட்டருக்கு 5.5 மில்லிமோல், எல்லையான 9-க்குள் வசதியாக அடங்குகிறது. இந்த 40 மில்லியில் மொத்தம் 0.22 மில்லிமோல் கால்சியம். அதைப் படியவைக்க 5 மில்லி வாயு, படிந்ததைக் கரைக்க இன்னொரு 5 மில்லி. சமன்பாட்டின்படி இவ்வளவுதான். அத்துடன் நிறுத்தினால் தெளியாது. சமநிலையை வலப்பக்கம் பிடித்துவைக்க நீரிலும் கரைந்த கார்பன் டை ஆக்சைடு நிற்க வேண்டும். தூய வாயுவானால் இந்த 40 மில்லி நீர் 30 மில்லிக்கு மேல் தனக்கே எடுத்துக்கொள்ளும். குமிழிகளில் பெரும்பகுதி கரையாமலே வெளியேறுவதால், நடைமுறையில் சில நூறு மில்லி வாயு தேவை. நிதானமான குமிழியில் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். குடுவையைப் பனிக்கட்டி நீரில் நிறுத்தினால் இன்னும் எளிது: குளிரில் வாயுவும் கார்பனேட்டும் கூடுதலாகக் கரைவதால் எல்லை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்.

"தெவிட்டிய நீரே எனக்குத் தெளிந்ததே" என்று சிலர் எழுதுவார்கள். நடக்கும். அப்போதுதான் படிந்த கார்பனேட் இன்னும் கால்சைட்டாக ஒழுங்காகாத, எளிதில் கரையும் வடிவத்தில் இருக்கும். வேகமாக வாயு விட்டால் அது கரைந்துவிடலாம். அந்தக் குழாயை மூடிவைத்து மறுநாள் பாருங்கள். அடியில் படிவு வந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இன்னொரு காரணமும் உண்டு, அடுத்த பதிலைப் படியுங்கள்.

வேறொருவர் செய்தபோது மிக விரைவாகத் தெளிந்தது. பிறகு கொதிக்கவைத்தும் பால்போல் ஆகவில்லை. ஏன்?

அது பைகார்பனேட் தெளிவு அல்ல, ஹைட்ரோகுளோரிக் அமிலத் தெளிவு. சலவைக்கல்லில் கெட்டியான அமிலம் விட்டால் ஆவியும் நுண்துளிகளும் வாயுவோடு ஏறிவந்து கார்பனேட்டைக் கால்சியம் குளோரைடாக மாற்றிவிடும். பைகார்பனேட் கரைசலைக் கொதிக்கவைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சமநிலை இடப்பக்கம் திரும்பி, பால் நிறம் மீண்டும் வரும். குளோரைடு கரைசலில் வராது. எனவே தெளிந்த குழாயைச் சூடாக்கிப் பாருங்கள். தெளிந்ததற்கு அத்தாட்சி அதுதான்.

தடுக்க, 2 மோலார் அளவில் நீர்த்த அமிலம் பயன்படுத்துங்கள். நடுவே சோடியம் பைகார்பனேட் கரைசல் உள்ள கழுவுகுடுவை ஒன்றை வையுங்கள். அங்கே சோடியம் ஹைட்ராக்சைடை வைத்துவிட்டு "வாயுவே வரவில்லை" என்று எழுதாதீர்கள். அது கார்பன் டை ஆக்சைடையே விழுங்கிவிடும்.

ஸ்ட்ரா வழியாக ஊதினேன். பால்போல் ஆனது. கால் மணி நேரம் ஊதியும் தெளியவில்லை.

எந்தச் சுண்ணாம்பு நீர், எவ்வளவு, நீர்த்ததா இல்லையா? எதுவும் கடிதத்தில் இல்லை. தெவிட்டியது என்றே வைத்துக்கொள்கிறேன். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 4 சதவீதம்தான். கனமூலக் கணக்குப்படி கரையும் எல்லை லிட்டருக்கு 3 மில்லிமோல் அளவில் நின்றுவிடும். உங்கள் குழாயில் இருப்பது 22. நாள் முழுக்க ஊதினாலும் தெளியாது, தலைதான் சுற்றும். 1 பங்கு சுண்ணாம்பு நீருக்கு 14 பங்கு கொதித்தாறிய நீர் சேர்த்து முயலுங்கள். பால் நிறம் லேசாகத்தான் இருக்கும். கறுப்புத் தாளை வைத்துப் பாருங்கள். இடையிடையே இளைப்பாறி ஊதுங்கள், உறிஞ்சாதீர்கள். சுண்ணாம்பு நீரின் pH 12.4; கண்ணிலும் வாயிலும் பட்டால் எரியும்.

படிவு அதிகபட்சமாக இருக்கும் கணத்தில் வாயுவை நிறுத்த வேண்டும். எப்படி அறிவது?

வாயு செலுத்தும் முன் இரண்டு துளி பினாப்தலீன் விடுங்கள். ஹைட்ராக்சைடு தீரும்வரை இளஞ்சிவப்பு நிற்கும். நிறம் வெளிறி மறையும்போது pH 8 அருகே இறங்கியிருக்கும். படிவு உச்சத்தைத் தொட்டுச் சற்றுத் தாண்டியிருக்கும். அங்கேயே நிறுத்துங்கள். pH 10.3-க்கு மேலே கார்பனேட் அயனி ஓங்கி நிற்கும், அதற்குக் கீழே பைகார்பனேட் ஓங்கும், 6.4-க்குக் கீழே கரைந்த கார்பன் டை ஆக்சைடு. இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்தால், பால் நிறம் எப்போது வரும், எப்போது போகும் என்பது தானே விளங்கும்.

சோடா நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றினால் பால் நிறம் வருகிறது. சுண்ணாம்பு நீரை சோடாவில் ஊற்றினால் வரவில்லை. வாயு ஒன்றுதானே?

வாயு ஒன்றுதான், எது மிகுதி என்பதுதான் வேறு. முதலாவதில் ஹைட்ராக்சைடு மிகுதி, கார்பனேட்டோடு வினை நிற்கிறது. இரண்டாவதில் கரைந்த வாயு மிகுதி; கார்பனேட் ஒரு கணம் தோன்றினாலும் உடனே பைகார்பனேட்டாகிவிடும். இதையும் சூடாக்கிப் பாருங்கள்: பால் நிறம் வரும்.

குப்பியிலுள்ள சுண்ணாம்பு நீர் தானாகவே கலங்கிவிடுகிறது. கெட்டுப்போனதா?

மேலே தோல்போல் படர்ந்திருந்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு புகுந்திருக்கிறது. மூடி தளர்ந்திருக்கும். அடியில் வெள்ளைத்தூள் கிடப்பது குறையல்ல. அது கரையாத மீதிச் சுண்ணாம்பு, நீரைத் தெவிட்டிய நிலையிலேயே வைத்திருக்கும். லிட்டருக்கு 3 கிராம் நீற்றிய சுண்ணாம்பைக் கொதித்தாறிய நீரில் போட்டுக் குலுக்கி, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். பயன்படுத்தும் முன் குலுக்காதீர்கள். மேல்தெளிவை மட்டும் எடுங்கள். சூடான நீரில் தயாரித்தால் நன்றாகக் கரையும் என்று நினைக்க வேண்டாம். கால்சியம் ஹைட்ராக்சைடு சூட்டில் குறைவாகத்தான் கரையும்.

பால்போல் ஆனாலே கார்பன் டை ஆக்சைடு என்று எழுதலாமா?

கூடாது. சல்பர் டை ஆக்சைடும் பால்போல் ஆக்கும், மிகுதியில் தெளியவும் செய்யும். அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்த தாளை வாயுவில் காட்டுங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானால் சல்பர் டை ஆக்சைடு இருக்கிறது.

சுண்ணாம்பு நீருக்குப் பதிலாகச் சோடியம் ஹைட்ராக்சைடு?

வாயுவை உறிஞ்சும், ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சோடியம் கார்பனேட் நீரில் கரையும்.

பேரியம் ஹைட்ராக்சைடு?

சுண்ணாம்பு நீரைவிடச் சிறு அளவு வாயுவையும் காட்டும். ஆனால் கரையும் பேரியம் சேர்மங்கள் நஞ்சு. அதில் ஸ்ட்ரா வைத்து ஊதவே கூடாது.