கணவருக்குப் பின் வரும் ஓய்வூதியம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை அரசியல் அறிவியல் படிக்கிறேன். ஜெர்மனி, ஸ்வீடன் இரண்டின் மக்கள்நல அரசுகளை ஒப்பிட்டு 2,000 சொற்களில் ஒரு கட்டுரை எழுதினேன். முன்னுரையில் வரலாறு, பிறகு ஜெர்மனி, பிறகு ஸ்வீடன், முடிவில் இரண்டிலும் நிறைகுறைகள் உண்டு என்று முடித்திருந்தேன். ‘இதில் ஒப்பீடு எங்கே?’ என்று ஒரே வரி எழுதிப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்னுரை எவ்வளவு நீளம் இருக்கலாம்? மேற்கோளுடன் தொடங்கலாமா? அட்டவணை சேர்க்கலாமா? நீங்கள் ஜெர்மனியில் வாழ்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

மேற்கோள் வேண்டாம். அட்டவணை உங்கள் விருப்பம். முன்னுரையின் நீளத்தை இப்போது விடுங்கள், அது தானாக அமையும். உங்கள் பேராசிரியர் அந்த ஒரு வரிக்கு மேல் எழுதாதது அவருடைய பொறுமையைக் காட்டுகிறது.

ஸ்டுட்கார்ட்டில் என் கீழ்வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர், திருமணத்துக்குப் பிறகு சம்பளத்துக்கு வேலை பார்த்ததே இல்லை. கணவர் தொழிற்சாலையில் கடைசல் வேலை செய்து, ஓய்வு பெற்று, இறந்தும்விட்டார். ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஜூலை முதல் தேதி ஓய்வூதியத்தைத் திருத்தி அமைப்பார்கள். அந்தக் கடிதம் வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து என்னிடம் காட்டுவார். “பார், மனிதர் செத்தும் சம்பாதிக்கிறார்” என்பார். அந்தச் சிரிப்பில் பெருமையும் இருந்தது, எரிச்சலும் இருந்தது. அவரைப் பற்றி நானே எழுத நினைத்திருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் கட்டுரை அங்கே தொடங்கியிருக்க வேண்டும். கிழவியின் கதையைச் சொல்லச் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த கடிதத்துக்குப் பின்னால் உள்ள கேள்வியைச் சொல்கிறேன்: குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண்ணுக்கு முதுமையில் வருமானம் யார் வழியாக வருகிறது? இந்த ஒரு கேள்வியை இரண்டு நாடுகளிடமும் கேளுங்கள். நீங்களோ ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க் 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதுமை ஓய்வூதியம் கொண்டுவந்தார் என்று ஒரு பக்கம் நிரப்பியிருப்பீர்கள். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அதிலிருந்து உங்கள் கேள்விக்குத் தேவைப்படுவது ஒன்றே ஒன்று. சமதர்மவாதிகளின் அமைப்புகளை 1878இல் தடைசெய்த அரசு, அவர்கள் பக்கம் சாயக்கூடிய தொழிலாளரைத் தன் பக்கம் இழுக்கக் கட்டிய திட்டம் அது. ஆகவே உரிமை, வேலையையும் அதற்குச் செலுத்திய சந்தாவையும் பிடித்துக்கொண்டு வந்தது. ஸ்வீடனில் அப்போது உழவர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். ஆலைத் தொழிலாளருக்கு மட்டும் காப்பீடு என்றால் அவர்கள் ஏன் ஒப்புக்கொள்வார்கள்? அதனால் 1913இல் வந்த ஓய்வூதியச் சட்டம் கிட்டத்தட்ட மொத்த மக்களையும் சேர்த்துக்கொண்டது. இவ்வளவுதான் வரலாறு. ஐந்தாறு வரி போதும். இதையும் கேள்வியையும் சொல்லி, நீங்கள் கண்ட விடையையும் அங்கேயே போட்டு உடைத்துவிட்டால் முன்னுரை முடிந்தது. விடையைக் கடைசிவரை ஒளித்துவைக்க நீங்கள் துப்பறியும் கதை எழுதவில்லை.

இனி நடுப்பகுதி. ‘ஜெர்மனி’, ‘ஸ்வீடன்’ என்று துணைத்தலைப்பு போட்ட கணத்திலேயே ஒப்பீடு செத்துவிடுகிறது. வாசிப்பவர் நான்காம் பக்கத்தில் படித்ததை முதல் பக்கத்தோடு தானே பொருத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது உங்கள் வேலை. ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு நாடுகளும் இருக்க வேண்டும். ஒரே அலகை வைத்து இரண்டையும் அளக்க வேண்டும், பத்தியின் கடைசியில் ஏன் இந்த வித்தியாசம் என்ற காரணம் வர வேண்டும்.

என் மூதாட்டியை வைத்தே ஒரு பத்தி கட்டிக் காட்டுகிறேன். ஜெர்மனியில் கணவரின் ஓய்வூதியத்தில் பெரும்பங்கு, பழைய விதிப்படி 60 சதவீதம், மனைவிக்குத் தொடர்கிறது. புதிய விதியில் அது 55 சதவீதம். ஸ்வீடனிலும் கைம்பெண் ஓய்வூதியம் இருந்தது. 1990இல் அதை நீக்கினார்கள். ஏற்கெனவே மணமானவர்களுக்கு இடைக்கால விதிகள் வைத்தார்கள், மற்றவர்களுக்கு ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவான, குறுகிய காலத்துக்கு மட்டுமான உதவி. இத்தோடு நிறுத்தினால் அது செய்தி. ‘ஸ்வீடன் இரக்கமற்றது’ என்றுகூட ஒருவர் முடிவுகட்டிவிடலாம். அங்கேதான் நீங்கள் இன்னொரு படி இறங்க வேண்டும். ஸ்வீடன் 1971லேயே கணவன் மனைவி வருமானத்துக்குத் தனித்தனியே வரி விதிக்கத் தொடங்கிவிட்டது. 1974இல் மகப்பேற்று விடுப்பைத் தாய் தந்தை இருவருக்குமான பெற்றோர் காப்பீடாக மாற்றியது. பொதுக் குழந்தைக் காப்பகங்களைப் பெருக்கியது. அவளே சம்பாதிப்பாள், அவள் பெயரிலேயே ஓய்வூதியம் சேரும் என்று கணக்குப் போட்ட பிறகுதான் கணவர் வழி வரும் பணத்தை நிறுத்தியது. ஜெர்மனி 1958இல் கொண்டுவந்த தம்பதியர் கூட்டுவரியை இன்றும் வைத்திருக்கிறது. ஒருவர் அதிகமாகவும் மற்றவர் குறைவாகவும் சம்பாதிக்கும் வீட்டுக்கு அதில் லாபம். மேற்கு ஜெர்மனியில் 1977 வரை, குடும்பக் கடமைக்கு இடையூறு இல்லாவிட்டால்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று உரிமையியல் சட்டமே சொன்னது. அப்படிப்பட்ட நாடு கைம்பெண் ஓய்வூதியத்தை எப்படி நிறுத்தும்? ஆக ஒன்று குடும்பத்தை அலகாக வைத்திருக்கிறது, மற்றொன்று தனிமனிதரை. இதுவரை வந்தால்தான் அது ஒப்பீட்டுப் பத்தி.

செலவுத் தொகையை வைத்து ஒப்பிடும் ஆசை வரும். அதில் ஏமாந்துபோகாதீர்கள். இரு நாடுகளும் சமூகப் பாதுகாப்புக்கு நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய கால் பங்கு செலவழிக்கின்றன. தொகை கிட்டத்தட்ட ஒன்றே, அது யார் கையில் போகிறது என்பதுதான் வேறு.

அடுத்து, மாணவர்கள் அஞ்சி ஒதுக்கும் பத்தி: உங்கள் விடைக்கு ஒத்துவராத சான்று. சமூகவியலாளர் எஸ்பிங்-ஆண்டர்சன் 1990இல் மக்கள்நல அரசுகளை வகைப்படுத்தியபோது ஸ்வீடனைச் சமூக ஜனநாயகம், ஜெர்மனியைப் பழமைபேணும் வகை என்று பிரித்ததை எல்லாரும் வேதம்போல் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் ஸ்வீடனில் சம்பளத்தையொட்டிய வேலையின்மைக் காப்பீடு, விரும்பினால் சேரும் நிதியங்கள் வழியாக நடக்கிறது. அவை தொழிற்சங்கங்களிலிருந்து வளர்ந்தவை. ஜெர்மனியில் அது கட்டாயம். இன்னொன்று, 2007இல் ஜெர்மனி கொண்டுவந்த பெற்றோர் உதவித்தொகை, இழந்த வருமானத்தில் ஒரு பங்கைத் தருவது, அப்படியே ஸ்வீடனின் வழி. இவற்றை மறைத்தால் பேராசிரியர் கண்டுபிடித்துவிடுவார். நீங்களே எடுத்துச் சொன்னால் அவர் கேள்வி கேட்க இடமிருக்காது.

முடிவுரைக்கு வருகிறேன். ‘இரண்டிலும் நிறைகுறைகள் உண்டு’ என்பது பெண் பார்க்க வந்தவர்கள் ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்று சொல்வதைப் போன்றது. யாருக்கும் ஒன்றும் தெரியாது. உங்கள் விடை எதுவரை செல்லும் என்று எழுதுங்கள். முதுமை வருமானத்திலும் வரியிலும் குடும்பமா தனிமனிதரா என்ற பிரிவு தெளிவாக இருக்கிறது; குழந்தை வளர்ப்பில் 2007க்குப் பிறகு மங்குகிறது; வேலையின்மையில் பொருந்தவே இல்லை. மூன்று வாக்கியம். புதிய தகவல் ஒன்றுகூட அங்கே நுழையக்கூடாது.

எழுதும் வரிசையையும் மாற்றுங்கள். முதலில் அந்தக் கைம்பெண் ஓய்வூதியப் பத்தி, பிறகு மற்றவை, முன்னுரை கடைசியில். பழைய கட்டுரையை வெட்டி ஒட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்காதீர்கள், தையல் தெரிந்துவிடும். பத்தி தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், அதை மட்டும்.