மேனேஜர் ஆனால் சம்பளம் உயருமா?

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறேன். அக்டோபரிலிருந்து முதல் தடவையாக டீம் மேனேஜர் ஆகிறேன். சி.டி.சி. 24 லட்சத்திலிருந்து 27 லட்சமாகிறது. இப்போது ஃபிக்ஸட் 21.6, வேரியபிள் 2.4 லட்சம். இதுபோக ஆன்-கால் அலவன்ஸ் மாதம் 8,000 வருகிறது. மேனேஜருக்கு அது கிடையாதாம். புது வேரியபிள் 20 சதவீதம். அப்படியே கையெழுத்துப் போடலாமா?
— வாசகர், மாரத்தஹள்ளி

பதில்: கொஞ்சம் பொறுங்கள். 27 லட்சத்தில் 20 சதவீதம் போனால் மிச்சம் 21.6 லட்சம். அதாவது உங்கள் ஃபிக்ஸட் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஆன்-கால் பணமும் நிற்பதால், மாதா மாதம் வருவது 8,000 ரூபாய் குறையும். கூடும் 3 லட்சமும் வேரியபிளில்தான் இருக்கிறது.

வேரியபிள் முழுசாக வருவது அபூர்வம். 80 சதவீதம் வருகிறது என்று வையுங்கள்: இப்போது ஆண்டுக்கு, அலவன்ஸையும் சேர்த்து, 24.48 லட்சம், மேனேஜரானால் 25.92 லட்சம். 12.5 சதவீத உயர்வு என்று சொன்னது 6 சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. பாதிதான் வந்தால் வித்தியாசம் வெறும் 54,000. வீட்டுக் கடனுக்குப் போனாலும் வங்கி பெரும்பாலும் ஃபிக்ஸடைத்தான் முழுதாகக் கணக்கில் எடுக்கும்.

அதனால் பேரத்தை ஃபிக்ஸடில் ஆரம்பியுங்கள். இழக்கும் அலவன்ஸையும் சேர்த்தால் 22.56 லட்சம், அதற்குக் கீழே இறங்காதீர்கள். ஹெச்.ஆர். "பட்ஜெட் இல்லை" என்றால், 27 லட்சத்தை அப்படியே வைத்து வேரியபிளை 15 சதவீதமாக்கக் கேளுங்கள். ஃபிக்ஸட் 22.95 ஆகிவிடும், மொத்த சி.டி.சி.யும் ஏறாது. "மேனேஜர் கிரேடுக்கு 20தான் விதி" என்று மறுத்தால், முதல் வருட வேரியபிளில் இவ்வளவு கட்டாயம் தருவோம் என்று எழுதி வாங்கப் பாருங்கள்.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடும் தேதி. பல கம்பெனிகளில் கடந்த ஆறு மாதத்துக்குள் சம்பளம் ஏறியவர்களை அடுத்த அப்ரைசலில் சேர்ப்பதில்லை. உங்கள் கம்பெனியில் அப்ரைசல் ஏப்ரலில் என்றால், அக்டோபரில் வாங்கியதோடு 18 மாதம் காத்திருக்க நேரும். ஏப்ரல் சுற்றில் நீங்களும் உண்டு, ஆறு மாத அளவுக்காவது உயர்வு உண்டு என்று மெயிலில் வரட்டும். வாய்வார்த்தை போதாது; சொன்னவரே அதற்குள் வேறு டீமுக்குப் போயிருக்கலாம்.

புது கிரேடின் சம்பள வரம்பில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்றும் கேளுங்கள். பழைய கிரேடின் உச்சியில் இருப்பவருக்கு வருடாந்திர உயர்வு சுருங்கிவிடும். புதியதின் அடியில் இருப்பவருக்கு ஏற இடமிருக்கும். என்னைக் கேட்டால், இந்தப் பதவியின் உண்மையான லாபமே அதுதான். நடுப்புள்ளிக்கு வெகு கீழே இருந்தால், அந்த இடைவெளியே ஏப்ரலில் உங்கள் வாதம்.

அப்புறம், லெட்டரில் நோட்டீஸ் காலத்தைப் பாருங்கள். 60 நாள் சத்தமில்லாமல் 90 ஆகியிருந்தால், அதைப் பழையபடி விடச் சொல்லுங்கள்.