'நடுங்காதே' என்றால் நடுக்கம் போகுமா?

கேள்வி: எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு முன் பிரார்த்தனைக் கூட்டத்தில் பாட ஒரு பாட்டு எழுதினேன். பல்லவி: "அஞ்சாதே தம்பி நடுங்காதே / அடித்து நொறுக்கு வினாத்தாளை / நூற்றுக்கு நூறு வாங்காமல் ஓயாதே." பாடச் சொன்னால் கத்துகிறார்கள், வேகமும் ஓடுகிறது. பாடி முடித்தபின் இன்னும் படபடப்பாகத்தான் இருக்கிறார்கள். மெட்டை மாற்றவா?
– ஓர் ஆசிரியை

பதில்: மெட்டைத் தொடாதீர்கள், முதலில் சொல்லை மாற்றுங்கள். கோளாறு பல்லவியின் முதல் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

தமிழில் எதிர்மறை சொல்லின் கடைசியில்தான் வரும். 'நடுங்காதே' என்பதில் 'நடுங்' முதலில் தாளத்தில் விழுந்து, காதில் பதிந்து, அதற்குப் பிறகுதான் 'காதே' வருகிறது. 'அஞ்சாதே'யும் அப்படியே, 'ஓயாதே'யும் அப்படியே. முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது அந்தக் கூட்டத்தில் ஓங்கி ஒலிப்பவை அஞ்சு, நடுங்கு, ஓய் என்ற மூன்றும்தான். பயத்தைப் போக்க வந்த பாட்டு, பயத்தின் பெயரைத் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறது. எதை விட வேண்டும் என்று சொல்லாமல், எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

அடுத்தது 'அடித்து நொறுக்கு'. த்து, க்கு என்ற வல்லின இரட்டிப்புகளில் மூச்சு அடைபட்டு வெடித்து வெளிவரும். அந்த இடத்தில் குரலை நீட்ட முடியாது, குத்தத்தான் முடியும். பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று நீங்கள் எழுதியதற்குப் பாதிக் காரணம் இந்த எழுத்துகள். சரணத்தின் நடுவில் வல்லினம் எவ்வளவு வந்தாலும் தாங்கும். பல்லவியில் வரி முடியும் இடம் மட்டும் நெடிலாகவோ, ம், ல், ள், ய் போன்ற ஒலியாகவோ இருக்கட்டும். அங்கேதான் குரல் தங்கும், மூச்சும் இறங்கும்.

'நூற்றுக்கு நூறு' போயே ஆக வேண்டும். அதே வரிசையில் 35 எடுத்துத் தேறினால் போதும் என்று நிற்கிற பிள்ளை இருக்கிறது. அந்த வரியை வாயசைத்துவிட்டுத் தலைகுனிந்து நிற்கப்போவது அந்தப் பிள்ளைதான். மதிப்பெண் யார் கையிலும் இல்லை. வினாத்தாளை வாங்கியதும் என்ன செய்வது என்பது எல்லாப் பிள்ளைகள் கையிலும் இருக்கிறது. பாட்டு அதைப் பற்றிப் பேசட்டும்.

தேர்வறையின் நடைமுறையே உங்களுக்குச் சரணத்தைத் தந்துவிடும். 10 மணிக்கு வினாத்தாள், வாசிக்கப் 10 நிமிடம், விடைத்தாளில் விவரம் சரிபார்க்க 5 நிமிடம், 10.15க்கு எழுதத் தொடங்குவது. படபடப்பில் பிள்ளைகள் வீணாக்குவது அந்த முதல் பத்து நிமிடத்தைத்தான்: முதல் கேள்வி தெரியவில்லை என்றதும் அடுத்ததைப் படிக்கவே மாட்டார்கள். அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடுகிற மாதிரி நான்கு வரி இருந்தால் போதும். இதைப் பாருங்கள்:

பல்லவி
மூச்சை மெதுவாய் வாங்கிக் கொள்வோம்
நேற்றைய பாடம் நெஞ்சில் நிற்கும்

சரணம்
கேள்வித் தாளை முழுதும் பார்ப்போம்
கேட்டது எதுவென நன்றாய் அறிவோம்
தெரியும் விடையை முதலில் தருவோம்
மற்றதை மீண்டும் வந்தே தொடுவோம்

இதன் கணக்கு எளிது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கும் ஒற்றோடு வரும் எழுத்துக்கும் இரண்டு. ஒவ்வொரு சொல்லும் நான்கு, வரிக்கு நான்கு சொல். மெ-து-வாய் என்பது 1, 1, 2. கொள்-வோம் என்பது 2, 2. 'ஐ' மட்டும் வளைந்து கொடுக்கும்: 'மூச்சை'யில் இரண்டாக நிற்கிறது, 'மற்றதை'யில் ஒன்றாகக் குறுகுகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு எண்ணிக்கை வீதம் ஆதி தாளத்தின் எட்டில் ஒரு வரி அடங்கிவிடும்.

உங்கள் சரணத்தையும் இப்படி எண்ணிப் பாருங்கள். ஐந்து வரும் சொல்தான் பிள்ளைகளை ஓட வைக்கும். 'படித்தது' என்பது எழுதும்போது எவ்வளவு இயல்பான சொல்! ஆனால் ப-டித்-த-து, ஐந்து. நான்கின் இடத்தில் ஐந்தைத் திணிக்க முடுக்குவார்கள், அந்த முடுக்கம் அடுத்த வரிக்கும் தொற்றும். 'நேற்றைய பாடம்' அங்கே வந்தது அதனால்தான்.

இனி மெட்டு. மோகனம் போதும். அதில் மத்யமமும் நிஷாதமும் இல்லை, அடுத்தடுத்த ஸ்வரங்கள் அரை ஸ்வர இடைவெளியில் நெருங்கி நிற்பதும் இல்லை. அதனால் பயிற்சியில்லாத கூட்டம் பாடினாலும் சுருதி அதிகம் பிசகாது. முதல் வரி சட்ஜத்தில் தொடங்கிப் பஞ்சமம் வரை ஏறட்டும், இரண்டாவது அங்கிருந்து இறங்கிச் சட்ஜத்தில் நிற்கட்டும். சரணத்தில் தைவதம் வரை போகலாம், மேல் சட்ஜம் வேண்டாம். பத்தாம் வகுப்புப் பையன்களில் பலருக்குக் குரல் உடையும் வயது. உச்சியில் குரல் பிளந்தால் பக்கத்துப் பையன் சிரிப்பான், அதன்பின் அவன் வாயே திறக்க மாட்டான். சுருதியை இரண்டு கட்டையில் வையுங்கள். பெண்பிள்ளைகள் மத்திய ஸ்தாயியிலும், குரல் இறங்கிய பையன்கள் ஒரு ஸ்தாயி கீழேயும் சிரமமில்லாமல் பாடலாம்.

மெட்டுப் போடும்போது ஒரே எச்சரிக்கை: குறிலை இழுக்காதீர்கள். 'தொடுவோம்' என்பதில் 'தொ'வை நீட்டினால் 'தோடுவோம்' ஆகிவிடும். 'தருவோம்' 'தாருவோம்' ஆகும். நீட்ட வேண்டிய இடம் கடைசி 'வோம்'.

வேகம் நிமிடத்துக்கு 72 தட்டு. எட்டுத் தட்டுக்கு ஏறத்தாழ ஏழு வினாடி, ஒரே மூச்சில் ஒரு வரி முடிந்துவிடும். பல்லவியின் இரண்டு வரியையும் இரண்டிரண்டு முறை பாட 27 வினாடி ஆக வேண்டும். கைப்பேசியில் நேரம் வைத்து முதல் பல்லவியையும், அதே அளவு பாடும் கடைசிப் பல்லவியையும் அளந்து பாருங்கள். கடைசி 22, 23க்கு வந்துவிட்டால் தாளம் ஓடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் எட்டு எண்ணிக்கைக்கும் கைதட்டுவதால்தான் ஓடும். கைதட்டலை ஒன்றிலும் ஐந்திலும் மட்டும் வையுங்கள், பறை, டிரம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு வரி முடிவிலும் 'ம்' ஒலிக்கும்போது வாய் மூடித்தான் இருக்கும். அங்கே அவசரப்படாமல் மூக்கால் மூச்சை எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். முதல் வரி என்ன சொல்கிறதோ அதைப் பாடும்போதே செய்துவிடுவார்கள்.

இரண்டாவது சரணத்தை நீங்களே எழுதுங்கள். கடைசிக் கால் மணி நேரம் பொருளாக இருக்கட்டும்: கேள்வி எண் சரிபார்ப்பது, விட்ட இடத்துக்குத் திரும்புவது, பேனாவை மூடுவது. இரண்டு சரணம் சேர்ந்தால் மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். மூன்றாவது வேண்டாம், காலையில் வெயிலில் நிற்கிறார்கள். கடைசிப் பல்லவியை ஓங்கி முடிக்காமல் 'நிற்கும்' என்ற சொல்லில் சட்ஜத்தில் நிறுத்தி, அந்த 'ம்'மை எட்டு எண்ணும்வரை விடுங்கள். அது தானாக அடங்கியதும் வகுப்புக்கு அனுப்புங்கள்.